பூஜ்யம் என்று ஒரு பதில்

மருந்து பாட்டில் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் அவளை எல்லோரும் 'வெடுக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி. ஆனால் அந்தச் செய்தி போனில் வந்ததிலிருந்து வெடுக்குக்கு வாயே எழவில்லை.

'வியாழன், உணவுக்கூடத்தில் அரசு மருத்துவமனை ரத்த வங்கியின் ரத்ததான முகாம். 9.30-க்கு 1, 10.30-க்கு 2, 11.30-க்கு 3 என்று எண்ணை மட்டும் பதிலாக அனுப்பவும். வர இயலாவிட்டால் 0. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. காய்ச்சல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ஓராண்டுக்குள் பச்சை குத்தியவர்கள் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, அடையாள அட்டையோடு வரவும்.'

'கர்ப்பிணிகள்' என்ற சொல்லில் அவள் கண் குத்திட்டு நின்றது. மூன்றாவது மாதம். போன தடவை எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பறிகொடுத்தவள். இந்தத் தடவை வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. பூஜ்யம் அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கத்தான் அனுப்பியிருக்கிறார்களோ? கர்ப்பம் என்று தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களோ?

மதியம் சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா, நீ இன்னும் நேரம் சொல்லலையா?"

"சொல்றேண்ணே." இவர் ஏன் விசாரிக்கிறார்?

அவர் நகர்ந்ததும் கழிவறைப் பக்கம் போனாள். செய்தி வந்த போன் எண்ணை நம்பவில்லை. அதே மருத்துவமனையின் பழைய சீட்டில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போட்டு ரத்த வங்கியைக் கேட்டாள்.

"ஆமாம்மா, முகாம் எங்களோடதுதான்," என்றாள் நர்ஸ்.

"பூஜ்யம் போட்டா கம்பெனிக்குப் போகுமா?"

"போகாது. பதில் எங்களுக்குத்தான் வருது. யார் எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு, வர்றவங்க பட்டியல் மட்டும் அங்க போகும். மெஷினை விட்டு எழுந்து வரணும்ல? வராதவங்ககிட்ட காரணம் யாரும் கேக்க மாட்டோம். வர்றவங்களையும் தனியாத்தான் விசாரிப்போம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாம்மா. உங்க பேரைக்கூட நான் கேக்கலையே."

பூஜ்யத்தை அனுப்பினாள். 'நன்றி' என்று மட்டும் பதில் வந்தது. அதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

வியாழன் காலை சூப்பர்வைசர் பட்டியலோடு நேராக அவளிடம்தான் வந்தார். அவள் தூக்கிய பெட்டியோடு நின்றாள்.

"பெட்டி தூக்குறதை விடும்மா. லேபிள் ஒட்டுற ரெண்டு பேரும் ரத்தம் கொடுக்கப் போறாங்க. நீ அங்க உக்காரு."

"ஏண்ணே என்னைக் கூப்பிடுறீங்க?"

"பட்டியல்ல நீயும் இல்ல, நானும் இல்ல. வேற யாரைக் கூப்பிட?" சட்டைக் கையை மெல்ல ஏற்றினார். முழங்கைக்கு மேல் மனைவியின் பெயர், போன மாதம் குத்திய பச்சை. "வெளிய சொல்லிடாத. இந்த வயசுலன்னு சிரிப்பாங்க."

வெடுக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஓரக்கண்ணால் அவர் முகத்தை அளந்தாள். தெரிந்துதான் உட்காரச் சொல்கிறாரா, தெரியாமலா? ஒன்றும் பிடிபடவில்லை. தன் காரணத்தை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பாட்டிலை எடுத்தாள்.