கோடு கீறின செக்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காசைக் கண்டால் பயம், கடதாசியைக் கண்டால் மரியாதை. சந்தியோகு இதை நெடுந்தீவில் கேட்கிறவனுக்கும் சொல்லுவார், கேளாதவனுக்கும் சொல்லுவார். ஒருவரையும் நம்பாத மனுசன் என்பதாலேயே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தார் அவரைப் பிடித்துத் தனாதிகாரியாக்கினார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எழுபத்துநாலாம் ஆண்டில் அது போதுமாயிருந்தது.

சங்கத்து உபவிதி இரண்டும் அவருக்குப் பாடம். இருநூற்றைம்பது ரூபாவுக்கு மேற்பட்ட கொடுப்பனவெல்லாம் குறுக்குக் கோடிட்ட செக்காகவே போகவேண்டும். அங்கத்தவருக்குக் கைக்காசாக இருநூறுக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது. மிச்சத்தை வலையாகவே கொடுக்கலாம். அங்கத்தவர் பிலோமினம்மா முந்நூறு ரூபா கடனைக் கைக்காசாய்க் கேட்டு வந்தபோது, "விதியில்லை" என்று வாசலோடே அனுப்பிவிட்டவர்.

சங்கத்து வள்ளத்தின் அடிப்பலகை உக்கிப்போனது. வள்ளம் கட்டுகிற மண்டைதீவு ஓடாவி பஸ்ரியாம்பிள்ளை வந்து பத்து நாள் நின்று திருத்தினான். கூலி தொளாயிரம்.

"செக் எழுதித் தாறன்."

"அதை நான் என்ன செய்ய, அண்ணை? என்ர பேரில பாங்கில கணக்கில்லை. கோடு கீறின செக்குக்குக் கையில காசு தரமாட்டாங்கள். காசாய்த் தாருமன்."

சந்தியோகு யோசித்தார். செக்கை அவரும் நம்பினதில்லை. தொளாயிரத்தை நாலாகப் பிரித்தால் இருநூற்றிருபத்தைந்து, வரம்புக்குள் வருகிறது. ஒரே நாளில், ஒரே பேனையால் நாலு பற்றுச்சீட்டு எழுதுவித்தார். தன் கெட்டித்தனத்தில் அன்று இரண்டு குவளை கள்ளு கூடக் குடித்தார்.

தைமாதம் கூட்டுறவுப் பரிசோதகர் அரியநாயகம் வந்தார். கடல் ஆட்டி வாந்தி எடுக்கவைத்த முகத்தோடு புத்தகத்தைப் புரட்டினார்.

"ஓடாவி ஒரு நாளில நாலு வள்ளமோ திருத்தினவன்?"

"ஒரு வள்ளந்தான், ஐயா."

"அப்ப நாலு சீட்டு?"

"நாலு தரம் எண்ணிக் குடுத்தனான்."

பரிசோதகர் சிரிக்கவில்லை. "ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே நாள். எத்தினையாய் வெட்டினாலும் கொடுப்பனவு ஒண்டுதான். உபவிதியை மீறினதுக்கு நான் எழுதவேணும். பதிவாளர் விளக்கம் கேட்பார். விளக்கம் சரியில்லையெண்டால் தொளாயிரத்தையும் நீர் சங்கத்துக்குக் கட்டவேண்டி வரும்."

"வள்ளம் கரையில நிக்குது, ஐயா! போய்ப் பாரும்!"

"அதைத்தான் விளக்கத்தில எழுதும். அவசரப்பட்டுக் காசு கட்டாதையும்."

வாத்தியாரைக் கொண்டு கடிதம் எழுதுவித்து அனுப்பினார் சந்தியோகு. ஆனால் பதிவாளர் கந்தோருக்குப் போன கடிதத்தை எவன் வாசிப்பான்? தண்டம் வரமுந்தி கட்டிவிட்டால் பேர் தப்பும் என்று, கறவை மாடு இரண்டையும் விற்றுத் தொளாயிரத்தைச் சங்கத்தில் கட்டி, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார். மகள் றோசம்மா ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பாலில்லை.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. கடிதத்தை வாசித்திருந்தார்கள். வேலை நடந்திருக்கிறது, சங்கத்துக்கு நட்டமில்லை. இனிமேல் இப்படிச் செய்யாதீர் என்று எச்சரிக்கை மட்டுந்தான். கட்டின தொளாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தது.

"எடும் காசை," என்றார் சந்தியோகு காரியதரிசியிடம்.

"எப்பிடி அண்ணை? தொளாயிரமெல்லோ? இருநூற்றைம்பதுக்கு மேல." காரியதரிசி செக்கை எழுதி, மூலையில் இரண்டு கோடு கீறி, "தனாதிகாரி கையெழுத்தும் வேணும், போடும்," என்றான். தன் பேருக்கு வந்த செக்கில் தானே கையெழுத்துப் போட்டார்.

ஊர்காவற்றுறைப் பாங்கில் கண்ணாடி போட்ட பெடியன் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்குக் கையில காசு தர ஏலாது, அப்பு. உங்கட பேரில ஒரு கணக்குத் திறவுங்கோ. கணக்குள்ள ஒரு ஆள் உங்களைத் தெரியுமெண்டு கையெழுத்து வைக்கவேணும். செக் மாறினாப் பிறகு எடுக்கலாம். ஆறு மாதத்துக்குள்ள கொண்டுவாங்கோ, பிந்தினால் செல்லாது."

"என்னை எனக்குத் தெரியும். அது காணாதோ?"

"காணாது, அப்பு."

பின்னால் வரிசையில் நின்ற பிலோமினம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அங்கே கணக்கிருந்தது.

"நான் வைச்சுத் தரட்டோ கையெழுத்து, அண்ணை? ஆனால் விதியிருக்கோ எண்டு முதல்ல கேளும்."

பெடியன் தலையைக் குனிந்து சிரித்தான். சந்தியோகு செக்கை நாலாய் மடித்துச் சுருட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

"மாடு வாங்கினவன் நோட்டாய்த்தான் எண்ணித் தந்தவன்," என்றார் பெடியனைப் பார்த்து. "அவனை ஒருத்தரும் பிடிக்கேல்லை."

"விதி உங்களைப் பாதுகாக்கத்தான், அப்பு."

"ஓம், ஓம். வீட்டில பாலில்லாமல் இருக்கிற பிள்ளையளுக்கு அதைச் சொல்லுறன்."

ஆறு மாதமிருக்கிறது. சுருட்டுப் பெட்டியை மடிக்குள் செருகிக்கொண்டு அவர் துறைப்பக்கமாக நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.