மணலாய்ப் போன சீனி

"சீனி எனக்குப் பயந்து மணலாயிருது தம்பி. நான் நக்குனா போதும், இனிப்பு ஓடிப் போயிருது" என்றார் நாகையா.

நாகையா வாயைத் திறந்தால் அருப்புக்கோட்டைத் தறிகள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, நம்பாமல் மறுபடி ஓடும். வானம் பொய்த்த வருஷத்தில் தன் ஒரு தும்மலில் திருச்சுழிக் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போனதாகச் சொன்ன மனிதர். மருந்துக்கடை காளிராஜ் அந்தத் தும்மலையும் கேட்டவன்தான். இதையும் சிரித்துத் தள்ளினான்.

சிரிப்பு நின்றது, அவர் மடியிலிருந்து ஒரு டப்பியை எடுத்தபோது. நாட்டு வைத்தியர் கொடுத்த கேப்சூல். உள்ளே சிறுகுறிஞ்சான் பொடி. டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையோடு அதையும் சாப்பிட்டு வருகிறாராம்.

"ரெண்டும் சீனியத்தான் இறக்கும்ணே. சேந்தா ஒரேயடியா இறங்கிரும். ஏறுறது மெதுவாக் கொல்லும், இறங்குறது உடனே கொல்லும்."

"மூத்திரத்தச் சோதிச்சா நீலமா நிக்கிதுப்பா."

"நீலம்னா ஏறலைன்னு அர்த்தம். பாதாளத்துக்குப் போயிருச்சான்னு அது சொல்லாதுண்ணே."

மாத்திரைக் கவரின் மேலேயே எழுதினான்: 'கேப்சூலைச் சேர்க்கக் கூடாது. டாக்டரைப் பார்க்கவும். பட்டினி ஆகாது. வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே சீனி சாப்பிடவும்.' கூட வந்த அவர் மனைவி லிங்கம்மாள் அதை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

சௌடேஸ்வரி அம்மன் திருவிழா அன்று உச்சி வெயிலில் அவள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். நாகையா விரதம். வெறும் வயிற்றில் மாத்திரை, கேப்சூல், இரண்டும். வேர்த்து நடுங்கியதும் 'சீனி ஏறிருச்சு' என்று இன்னொரு கேப்சூலை எடுத்திருக்கிறார்.

"நீங்க எழுதுனபடி சீனியை வாயில போட்டேன் தம்பி. மணலைப் போடுறியாடின்னு துப்பிட்டாரு. மறுபடியும் போட்டேன், மறுபடியும் துப்பிட்டாரு. இப்பப் பேச்சில்ல."

இந்த நேரத்திலுமா புளுகுவார் என்றுதான் காளிராஜுக்குத் தோன்றியது. வாடகைக் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊரையே பேச்சில் தூக்கி நிறுத்திய வாய், பொழுது சாயும்போது அடங்கிப் போயிற்று.

எரித்த மறுநாள் சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த பின் காளிராஜ் அந்த வீட்டுக்குப் போனான். "நெசமாவே மணல்னா சொன்னாரு? சீனியில கலப்படமாக்கா?"

"அதே சீனியிலதான் நேத்து வந்தவுகளுக்குக் காப்பி போட்டேன்."

லிங்கம்மாள் டப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "கேப்சூல் கூடு மாட்டெலும்புல செஞ்சதுன்னு எவனோ சொல்லிட்டான். அதுலருந்து இவுக அத உடைச்சு, பொடிய மட்டும் நாக்குல வச்சுச் சப்புவாக."

காளிராஜ் ஒன்றை உடைத்தான். பச்சைப் பொடி நாக்கில் கசந்து பரவியது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வாயைக் கொப்பளித்தான். பிறகு ஒரு சிட்டிகை சீனியைப் போட்டான்.

நறநறவென்றது. இனிப்பு என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

இனிக்காவிட்டாலும் விழுங்கு என்று அந்தக் கவரில் ஒரு வரி இல்லை. அவர்தான் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாரே.

லிங்கம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணல்தான்க்கா" என்றான் காளிராஜ். "அண்ணன் சொன்னது நெசந்தான்."