கண்ணாடியில் சுதீர்

சித்தூர் ஸ்டுடியோவில், மாலை போடுவதற்கான படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த சிவசங்கரியின் கை நின்றது. இறந்தவன் சுதீர். படத்தைச் செல்போனில் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்திருப்பவன் ஹரிபாபு, இரட்டையரில் மற்றவன்.

“இது சுதீர்தானா?”

“ஆமா மேடம். அவனுக்கு எடது கன்னத்துல குழி உழும், எனக்கு வலதுல. வீட்ல அத வச்சிதான் கண்டுபுடிப்பாங்க.”

படத்திலும் குழி இடது கன்னத்தில்தான். ஆனால் பனியனில் இருந்த எழுத்துகள் இடம்வலம் மாறிக் கிடந்தன. செல்ஃபி! பாழாய்ப்போன போன், கன்னத்தையும் அல்லவா மாற்றிவிட்டது! எப்படித் திருப்பினாலும் மாறாதது காதின் அடிச்சதை. படத்தில் அது கன்னத்தோடு ஒட்டியிருந்தது. எதிரே இருப்பவனுக்கும் அப்படியே.

“அவருக்கும் காது இப்படித்தான் ஒட்டியிருக்குமா?”

“இல்ல மேடம், அவனுக்குத் தொங்கும்.”

உயிரோடு இருப்பவன் படத்துக்கா மாலை? அவள் படத்தை இடம்வலம் திருப்பிக் காட்டினாள். எழுத்துகள் நேராயின, குழி வலது கன்னத்துக்குப் போனது.

“இது நீங்க, ஹரி.”

அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்துபோய், வாடிக்கையாளர்கள் தலைவாரும் கண்ணாடி முன் நின்று, வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தான். கண்ணாடியில் இருந்தவனுக்கு இடது கன்னத்தில் குழி விழுந்தது.

“இங்கதான் இருக்கான் மேடம்” என்றான்.