அக்கா சொன்ன மூன்று வாக்கியம்

தரை துடைக்க, கையால் பிழியத் தேவையில்லாத மாப் ஒன்றை எங்கள் கம்பெனி விற்கிறது. வாங்கியவர்களே வீட்டில் எடுத்து அனுப்பிய வீடியோக்களைக் கோர்த்து அரை நிமிட விளம்பரம் எழுதுவது என் பொறுப்பு. நடிகர்கள் கிடையாது. ஒருவர் சலிப்பில் தொடங்க வேண்டும், இன்னொருவர் சந்தேகப்பட வேண்டும், மூன்றாமவர் துடைத்துக் காட்ட வேண்டும். ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுப்பது போல இருக்க வேண்டும்.

அனுமதி கேட்பதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. 'உங்கள் வீடியோவைப் பயன்படுத்தலாமா' என்று பொதுவாகக் கேட்க மாட்டேன். எந்த வாக்கியங்களை எடுக்கிறேன், எங்கெல்லாம் காட்டுவோம் என்று எழுதி, கீழே என் கைபேசி எண்ணையும் போடுவேன். பின்னால் டிவி பாட்டு ஓடினால் சத்தம் இல்லாமல் திரும்ப எடுத்துத் தரச் சொல்வேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்தால் அந்த ஓரத்தை வெட்டச் சொல்வேன். படத்தொகுப்பாளர் என்னைத் தாசில்தார் என்று கூப்பிடுவார். நான் அவரைக் கத்திரி என்பேன்.

அப்படி அனுப்பியவர்களில் ஓர் அக்காவின் வீடியோதான் எல்லாவற்றிலும் உயிரானது. மணிக்கட்டு முறிந்து தேறியவர். மூன்று வாக்கியம் சொல்லியிருந்தார்: "பயிற்சி செஞ்சு செஞ்சு வலி போச்சு. ஆனா துணிய முறுக்கிப் பிழிய இன்னும் பயம்தான். இதுல பிழியவே வேண்டாம், அதான் புடிச்சிருக்கு." மூன்றையும் அப்படியே எழுதி அனுப்பினேன். 'இந்த வார்த்தைன்னா சரிம்மா, போட்டுக்கோ' என்று பதில் வந்தது.

வெளியிடும் நாள் காலையில் கத்திரி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவர் முகம் சரியில்லை. மேலாளர் சொல்லி மாற்றியதாம். திரையில் அக்கா சிரித்தபடி சொன்னார்: "இதுல பிழியவே வேண்டாம். வலி போச்சு."

அவ்வளவுதான். வாக்கியம் முன்னே பின்னே மாறியிருந்தது, நடுவில் இருந்தது காணாமல் போயிருந்தது. ஒட்டிய இடம் தெரியாமலிருக்க அங்கே ஈரத்தரைக் காட்சி ஒன்றை வைத்திருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அது அந்த அக்காவுக்காக மட்டும் வரவில்லை என்று அப்போதே தெரிந்தது. 'லீவு கிடைச்சா வரேன்' என்று நான் சொன்னதை 'வரேன்னு அவளே சொன்னா' என்று வீடெல்லாம் சொல்லி வைக்கும் கணவரோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அரைகுறையாக எடுத்துக்கொள்ளப்பட்ட வார்த்தை எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அதை விழுங்கிப் பழகியிருந்தேன்.

மேலாளரிடம் போனேன். பொய் எதுவும் சேர்க்கவில்லையே, எல்லாம் அவர் வாயால் வந்ததுதானே, அனுமதியும் கைவசம் இருக்கிறதே என்றார்.

"வார்த்தை அவங்களோடது சார். சொன்னது நீங்க."

வலிக்கு மருந்து என்று மாப்பை விற்க முடியாது என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். வேண்டுமானால் வெட்டியதை அந்த அக்காவுக்கே அனுப்பிக் கேள், விளம்பரத்தில் தன் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது என்றார். அனுப்பினேன். சற்று நேரத்தில் அக்காவே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, நான் வேலை பாக்கறதே கைகால் வலிக்குப் பயிற்சி குடுக்கற எடத்துலதான். என் கையத் தேத்துனதே அங்க இருக்கற பொண்ணு. இனிமே வலின்னு வர்றவங்களுக்கு ஆளுக்கொரு மாப் குடுத்து அனுப்பட்டுமா?"

முன்பு சொன்னபடியே திருத்திப் போடுகிறோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம். உன்ன நம்பித்தான் சரின்னேன். மொத்தமா எடுத்துடு."

கோபம் கூட இல்லாத குரல். அதுதான் சுட்டது. என் எண்ணுக்கு, என்னை நம்பிச் சொன்ன 'சரி' அது.

மதியம் முதலாளியம்மா வந்தார். ஒவ்வொரு விளம்பரத்தையும் முதலில் எழுதிய வரிகளோடு பார்ப்பவர். மணிக்கட்டு அக்கா எங்கே என்றார். மேலாளர் என்னைக் காட்டி, கண்ணிமைக்காமல் சொன்னார்: "இவங்களே வேண்டாம்னு எடுத்துட்டாங்க மேடம்."

கத்திரி தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் கேட்ட அதே வாக்கியம், வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் வார்த்தையை விழுங்கிவிடுவேன்.

"நான் சொன்னது பாதிதான் உங்களுக்கு வந்திருக்கு மேடம்," என்றேன். "முதல்லேர்ந்து சொல்றேன்."

சொன்னேன். அக்காவின் மூன்று வாக்கியங்களை அவர் சொன்ன வரிசையில் கத்திரியைப் போட்டுக் காட்டச் சொன்னேன், பிறகு வெட்டியதையும். மேலாளர் இரண்டு முறை குறுக்கே வந்தார். இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன்.

முதலாளியம்மா அக்கா இல்லாமலே விளம்பரத்தைக் கோர்க்கச் சொன்னார். இனி வெட்டி முடித்ததை வீடியோ அனுப்பியவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் வெளியே போகாது என்று மேலாளரைப் பார்த்துச் சொன்னார்.

விளம்பரம் ஓட்டையோடுதான் போனது. சந்தேகப்படுபவருக்கும் துடைப்பவருக்கும் நடுவில் மூச்சு அறுந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அக்காவின் வீடியோவை என் கணினியிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டதாக நீலக் குறி மட்டும் வந்தது.

சாயங்காலம் கணவர் போனில் கூப்பிட்டார், தன் சொந்த அக்கா வீட்டு விசேஷத்துக்கு நான் வருவதாகச் சொல்லிவிட்டாராம்.

"நான் சொன்னது என்ன?" என்று கேட்டேன். "முழுசா சொல்லுங்க, கேக்கறேன்."