மணிக்கு என்ன கொடுக்கலாம்?

"எங்க மணிக்கு மேலுக்கு முடியல. என்ன குடுக்கலாம்? வெரசா சொல்லுங்க."

காலை ஏழு மணிக்குப் பூண்டி கறவைமாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்முகசுந்தரி போட்ட செய்தி இவ்வளவுதான். மணி மாடா, ஆடா, வயது என்ன, என்ன செய்கிறது, எத்தனை நாளாக? ஒரு மண்ணும் இல்லை. நான் ஜோதிமணி, அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். இப்படிப்பட்ட செய்தியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பல் விளக்கி வருவதற்குள் ஊரே வைத்தியம் பார்த்து முடித்துவிட்டது. மாட்டுக் குழு இல்லையா, மணி மாடுதான் என்று எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்கள். வயிற்று உப்புசம் என்று நல்லுசாமி அடித்துச் சொன்னார். "நம்ம மலைப்பூண்டு பத்துப் பல்லு, மொளகு, வெத்தல, வெல்லம் சேத்து அரைச்சு வாயில ஊத்துங்க." அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். கடைசியாகச் சுந்தரி, "அரைச்சுக்கிட்டு இருக்கேன்ணே."

சுந்தரியின் மாட்டுக்குச் சினை ஊசி போட்டவளே நான்தான். அதன் பேர் லச்சுமி. அப்படியென்றால் மணி யார்? உடனே அவளைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் போன் கிடைத்தது.

"மணி யாரு?"

"நாய்க்குட்டிங்க டாக்டரம்மா."

"ஊத்திட்டியா?"

"கையில வச்சிருக்கேங்க. வாயத் தெறக்க மாட்டேங்குது."

"கீழ கொட்டு! நாய்க்குப் பூண்டு ஆகவே ஆகாது. வயசு என்ன? என்ன செய்யுது?"

"மூணு மாசங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து வாந்தி. வயித்தால ரத்தமாப் போகுது."

"தடுப்பூசி?"

"போடலிங்க."

"இத மொதல்லயே எழுதுறதுக்கு என்னம்மா? மருந்தென்ன ஜோசியமா? துணியில சுத்திக் கதகதப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வா."

வந்தது. கண் குழிவிழுந்து, துவண்டு கிடந்தது. சோதனை அட்டையில் பார்வோ என்று காட்டியது; நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரஸ். எல்லாக் குட்டியும் பிழைக்காது என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "தனியாக் கெடக்கேன் டாக்டரம்மா, இது ஒண்ணுதான் என் கூடச் சுத்துது" என்று தேம்பினாள். மற்ற நாய்கள் அண்டாத அறையில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினேன், வாந்தி நிற்க ஊசி போட்டேன். நாலு நாள் அவள் அந்த அறையை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் வாந்தி நின்றது. நாலாம் நாள் இரண்டு ஸ்பூன் கஞ்சி உள்ளே தங்கியது.

ஐந்தாம் நாள் வெள்ளனே நான் கதவைத் திறந்தபோது, மணி எழுந்து நின்று குளுக்கோஸ் குழாயைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் பிடுங்கப் போனேன். என்னைப் பார்த்து உர்ரென்றது பாருங்கள், பயல்!

"ஏலே, டாக்டரம்மாவையா மொறைக்கிற!" என்று சுந்தரி அழுதுகொண்டே சிரித்தாள்.

"மொறைக்கட்டும்மா, நல்லா மொறைக்கட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த மாடெல்லாம் திரும்பிப் பார்த்தது.