ஹைமாவதியின் புது எண்

குண்டூரில் கணவனிடம் அடிபட்டது போதுமென்று ஹைமாவதி ஹைதராபாத் விடுதிக்கு ஓடிவந்து மூன்று நாள். புது சிம் போட்டாள். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய மிரட்டல்கள் வக்கீலுக்கு வேண்டும்.

"கணக்கை அழிச்சுத் தொலைச்சிடாதக்கா. செட்டிங்ஸ்ல நம்பரை மட்டும் மாத்து, எல்லாம் அப்படியே இருக்கும்," என்றாள் அறைத்தோழி கல்பலதா. "மத்தவங்களுக்குச் சொல்லவான்னு கேக்கும். அதை அணைச்சிடு."

அணைத்தாள். பழைய எண், புது எண், ஓடிபி. ஒரு மிரட்டலும் அழியவில்லை.

கணவன் வீட்டு குரூப்பிலிருந்து மட்டும் அவள் விலகியிருக்கவில்லை. மாமியார் பிடித்துவைத்திருக்கும் மகளின் படங்கள் அங்கேதான் வரும்.

பாழாய்ப்போன செயலி, குரூப்புகளுக்கு மட்டும் யாரையும் கேட்காமலே சொல்லிவிடும். 'ஹைமாவதி எண்ணை மாற்றிவிட்டார்' என்று அங்கே விழுந்திருந்தது.

போன் அடித்தது.

"புது நம்பர் நல்லாருக்குடி."