இருபத்தாறு ரூபாய் வட்டி

மனைவி சரஸ்வதிக்கு இதய ஆபரேஷன். செங்கோடன் பெருந்துறை வங்கி மேனேஜரிடம் ஓடினார்.

"அஞ்சு லட்ச டெபாசிட்ட ஒடச்சுருங்க மேடம்."

"ஒடைக்காதீங்க. அதும்மேல ஓவர்டிராஃப்ட் தர்றேன். நாலரை லட்சம் வரைக்கும் எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு, எத்தன நாளோ அத்தன நாளைக்குத்தான் வருசத்துக்கு எட்டு பர்சென்ட் வட்டி."

வட்டிக்குப் பயந்து, அட்வான்ஸ் கட்ட நாற்பதாயிரம் மட்டும் எடுத்தார். மிச்சத்தை ஆபரேஷன் அன்று எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அந்த நாள் வரவேயில்லை.

பணம் எடுத்த மூன்றாம் நாள் கணக்கை முடிக்க வந்தார்.

"வட்டி இருபத்தாறு ரூபாங்கண்ணா," என்றார் மேனேஜர்.

"நாலரை லட்சத்துக்கும் ஆயுசு பூரா வட்டி கட்டறனுங்க மேடம். அந்தப் பணத்த எடுத்துச் செலவழிக்க அவளத் திருப்பிக் குடுங்க."